ஆறு ஞாயிறு, ஒரு பிடி அரிசி: தவக்காலப் பாடத்திட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் நாற்பது நாள் என்கிறார்கள். உங்கள் பாடம் ஆறு வாரம் என்கிறது. கணக்கு எப்படிப் பொருந்துகிறது? 2027இல் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும்?

திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள்கள் வரும். அவற்றுள் ஆறு ஞாயிறுகள் உயிர்ப்பின் நாள்கள் என்பதால் அவற்றை நோன்புக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பழைய வழக்கம், எஞ்சுவது நாற்பது. அந்த ஆறு ஞாயிறுகளே நம் ஆறு வாரங்கள்.

2027இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, குருத்து ஞாயிறு மார்ச் 21, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. ஏற்காட்டு மலையில் எங்கள் கிளைக் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதைக்குப் போய்விடுகிறது. ஞாயிறன்று பலர் சேலத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். ஆகவே சனிக்கிழமை மாலை 6.30 முதல் 7.45 வரை பாடம் வைத்து, மறுநாள் ஞாயிறுக்குரிய நற்செய்தியை முந்தின இரவே படித்துவிடுகிறோம். அந்தக் கணக்கில் முதல் கூட்டம் பிப்ரவரி 13, கடைசிக் கூட்டம் மார்ச் 20. திருநீற்றுப் புதனன்று பாடம் இல்லை. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வருவோர் கையில் மூடியுள்ள ஒரு சிறு பானையைக் கொடுப்பதோடு அன்றைய வேலை முடிந்துவிடும். ஆறு வாரமும் வீட்டில் செய்யச் சொல்லும் ஒரே பழக்கம் அந்தப் பானையோடுதான். எப்படி என்பது பின்னால் வரும்.

2027 மாற்கு நற்செய்திக்குரிய இரண்டாம் ஆண்டுதானே? நீங்கள் ஏன் மத்தேயுவையும் யோவானையும் எடுத்தீர்கள்?

மூன்றாண்டு வாசகச் சுழற்சியின்படி 2027 இரண்டாம் ஆண்டுதான். ஆனால் முதல் ஆண்டின் தவக்கால நற்செய்திகளுக்கு வேறொரு வரலாறு உண்டு. சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர் ஆகிய மூன்று நீண்ட பகுதிகளும், பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறக் காத்திருந்தவர்களை ஆயத்தப்படுத்தத் தொன்றுதொட்டு வாசிக்கப்பட்டவை. தண்ணீர், ஒளி, உயிர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் அந்த வரிசையைப் போன்ற பாடத்திட்டத்தை நான் உட்கார்ந்து எழுதினாலும் எழுத முடியாது. மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் இவற்றை எந்த ஆண்டிலும் திருப்பலியில் வாசிக்கலாம் என்று வாசக நூலே அனுமதிக்கிறது. முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டால் சனிக்கிழமைப் பாடமும் ஞாயிறு மறையுரையும் ஒரே தடத்தில் போகும். அவர் இரண்டாம் ஆண்டையே வாசிக்க விரும்பினாலும் பெரிய சிக்கல் இல்லை. முதல் ஞாயிறு சோதனையும் இரண்டாம் ஞாயிறு தோற்றமாற்றமும் எல்லா ஆண்டுகளிலும் வருபவை. எடுத்துச் சொல்பவர் மட்டுமே மாறுகிறார்.

வாராந்தர வாசகங்கள் எவை? எல்லா வாசகங்களையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். ஞாயிறுக்கு முதல் வாசகம், திருப்பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என்று நான்கு உண்டு. அவற்றுள் திருப்பாடலைத் தொடக்க மன்றாட்டாக வைத்து, முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் மட்டும் படிக்கிறோம். இரண்டாம் வாசகத்தைக் கோயிலில் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டது என் முடிவு. பகல் முழுதும் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு மாலை ஏழு மணிக்குமேல் உரோமையர் திருமுகத்தை விளக்கி நான் வென்றதில்லை.

முதல் வாரம் தொடக்க நூல் 2:7-9, 3:1-7, திருப்பாடல் 51, மத்தேயு 4:1-11. தோட்டத்தில் உண்டு விழுந்தவர்களும் பாலைநிலத்தில் உண்ணாமல் நின்றவரும் எதிரெதிராக நிற்கிறார்கள். இயேசு சொல்லும் மூன்று பதில்களும் இணைச்சட்ட நூலிலிருந்து எடுத்தவை என்பதையும், அலகையும் திருப்பாடல் 91ஐ மேற்கோள் காட்டுகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வசனம் தெரிந்திருப்பது மட்டும் மனமாற்றம் ஆகாது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் வாரம் தொடக்க நூல் 12:1-4, திருப்பாடல் 33, மத்தேயு 17:1-9. இதை விரைவாக முடிக்கலாம். பேதுரு மேலேயே கூடாரம் போடப் பார்க்கிறார்; இயேசு அவர்களைக் கீழே இறக்குகிறார். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழ்பவர்களுக்கு இறங்குவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் விடுதலைப் பயணம் 17:3-7, திருப்பாடல் 95, யோவான் 4:5-42. நான்காம் வாரம் 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில் தாவீது திருப்பொழிவு பெறும் பகுதி, திருப்பாடல் 23, யோவான் 9:1-41. ஐந்தாம் வாரம் எசேக்கியேல் 37:12-14, திருப்பாடல் 130, யோவான் 11:1-45. ஆறாம் வாரம் எசாயா 50:4-7, திருப்பாடல் 22, மத்தேயு 26:14 முதல் 27:66 வரையான திருப்பாடுகள்.

ஐந்தாம் வாரத்துக்கு ஓர் எச்சரிக்கை: கடந்த ஓராண்டில் வீட்டில் சாவு கண்டவர் எவரேனும் குழுவில் இருந்தால் அவரை முன்னரே தனியே பார்த்துப் பேசிவிடுங்கள். மார்த்தாவும் மரியாவும் சொல்லும் "நீர் இங்கே இருந்திருந்தால்" என்ற அதே சொல் அவர் வாயிலும் வரும். வந்தால் வரட்டும், உடனே பதில் சொல்லி அடைக்காதீர்கள். இயேசுவே அந்த இடத்தில் கண்ணீர் விட்டார்.

ஒரு மாலைப் பாடம் எப்படி நடக்கும் என்று ஒரு வாரத்தை எடுத்துச் சொல்ல முடியுமா?

மூன்றாம் வாரத்தையே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி இறுதியில் மலையில் வறட்சி தொடங்கி, குழாயில் முறைவைத்துத் தண்ணீர் வரும் நாள்கள் அவை. அந்த நேரத்தில் "குடிக்கத் தண்ணீர் கொடும்" என்ற வாசகம் வருவதே பாதிப் பாடம்.

திருப்பாடல் 95ஐ இரு பக்கமாகப் பிரிந்து மாற்றி மாற்றிச் சொல்ல ஐந்து நிமிடம். பாறையிலிருந்து நீர் வந்த முதல் வாசகத்துக்குப் பத்து நிமிடம், அங்கே மக்கள் கேட்ட "ஆண்டவர் எங்கள் நடுவில் இருக்கிறாரா, இல்லையா?" என்ற கேள்வியைப் பலகையில் எழுதி வையுங்கள். பிறகு யோவான் 4ஐ மூவர் பங்கெடுத்து வாசிக்க வேண்டும்: ஒருவர் கதை சொல்பவர், ஒருவர் இயேசு, ஒரு பெண் சமாரியப் பெண். இதற்குக் குறைந்தது பன்னிரண்டு நிமிடம் ஆகும். வாசக நூலில் இதற்கு ஒரு குறுகிய வடிவமும் உண்டு. திருப்பலியில் நேரமில்லாதபோது அது சரி. பாடத்தில் அதைத் தொடாதீர்கள். அவளுடைய ஐந்து கணவர்களைப் பற்றிய உரையாடலும், அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடும் 28ஆம் வசனமும் குறுகிய வடிவத்தில் இல்லை. அவை இரண்டும் போனால் மனமாற்றம் எங்கே நடந்தது என்று காட்ட நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.

வாசித்து முடித்ததும் விளக்கம் தொடங்கிவிடாமல் ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன்: அந்தப் பெண்ணும் அவள் ஊராரும் இயேசுவை என்னென்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று வரிசையாகத் தேடச் சொல்கிறேன். முதலில் யூதர் என்கிறாள் (4:9). அடுத்து ஐயா (4:11). பிறகு யாக்கோபைவிடப் பெரியவரோ என்ற ஐயம் (4:12). பின்பு இறைவாக்கினர் (4:19). ஊருக்குள் போய், இவர் மெசியாவாக இருப்பாரோ என்கிறாள் (4:29). கடைசியில் ஊரே உலகின் மீட்பர் என்கிறது (4:42). தேட இருபது நிமிடம் கொடுங்கள். படிப்பறிவு குறைந்தவர்கள் எழுத்தறிந்த பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரட்டும்; காதால் கேட்டே வேகமாகக் கண்டுபிடிக்கும் மூதாட்டிகளும் இருக்கிறார்கள். நான்காம் வாரத்தில் பார்வை பெற்றவரும் இதே போலப் படியேறுவார்: மனிதர் (9:11), இறைவாக்கினர் (9:17), கடவுளிடமிருந்து வந்தவர் (9:33), ஆண்டவர் (9:38). மூன்றாம் வாரம் பட்டியல் எழுதியவர்கள் அந்த வாரம் சொல்லிக்கொடுக்காமலே அதைக் கண்டுபிடிப்பார்கள். பாடம் ஏறியிருக்கிறது என்பதற்கு எனக்கு அதுவே அடையாளம்.

மீதி நேரம் குடத்துக்கு. தண்ணீர் எடுக்க வந்தவள் ஏன் குடத்தை விட்டுப் போனாள்? இதற்கு யோவான் காரணம் சொல்லவில்லை. ஆகவே ஒரே சரியான விடை இல்லை என்று நானும் சொல்லிவிடுகிறேன். "திரும்பி வரத்தானே குடத்தை வைத்துவிட்டுப் போவார்கள்" என்று ஒருமுறை ஓர் அம்மா சொன்னதை இதுவரை எந்த விளக்கவுரையிலும் நான் படித்ததில்லை.

அந்த ஒரே பழக்கம் என்ன? எப்படிச் செய்வது?

பிடி அரிசி. நம் கோயில்களில் பழையதுதான். ஆனால் பல வீடுகளில் அது வெறும் நன்கொடையாகத் தேய்ந்துவிட்டது. இங்கே முறை ஒன்றுதான், அதை மாற்றக் கூடாது: சோறு வடிக்க அரிசியை வழக்கம்போல அளந்து பாத்திரத்தில் போட்டபின், கழுவுவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துப் பானையில் போட வேண்டும். மூட்டையிலிருந்து தனியே ஒரு பிடி எடுத்தால் அது தர்மம். அளந்ததிலிருந்து எடுத்தால் அன்று வீட்டில் ஒரு பிடிச் சோறு குறையும். நோன்பும் ஈகையும் ஒரே செயலில் சேர்வது அந்த இடத்தில்தான். எடுத்ததை ஈடுகட்ட மறுபடி ஒரு பிடி அளந்து போடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தாய்மார்களின் கை தானாகவே அதைச் செய்யும்.

ஒரு நாளைக்கு ஒரு பிடி போதும். ஞாயிறன்று எடுப்பதில்லை. திருநீற்றுப் புதன் முதல் பெரிய வியாழன் வரை 44 நாள். ஆறு ஞாயிறு போக 38 பிடி. பெரியவர் ஒருவரின் பிடியை ஏறத்தாழ 50 கிராம் என்று வைத்தால் ஒரு வீட்டுக்கு 1.9 கிலோ, பதினான்கு வீடுகள் சேர்ந்தால் இருபத்தாறரைக் கிலோவுக்குச் சற்று மேல். இது ஒரு மூட்டை அளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் முடிவில் யாரேனும் ஏமாந்து, தம் பையிலிருந்து ஒரு மூட்டை வாங்கிப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார்.

ஈரக் கையால் எடுத்தால் பூஞ்சை பிடிக்கும். மலைப் பனியில் மூடி சரியாக இல்லாத பானை நமத்துப்போகும். காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போட்டு, வாரம் ஒருமுறை பானையைத் திறந்து வண்டு பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு புதுப் பழக்கம் கொடுத்தால் சுவையாக இருக்குமே?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரம் கைப்பேசி நோன்பு, இரண்டாம் வாரம் நோயாளரைச் சந்திப்பது, மூன்றாம் வாரம் பகைத்தவரோடு பேசுவது என்று அழகாக அட்டை அச்சிட்டுக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் வந்தபோது முதல் வாரத்து அட்டையைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. பகைத்தவரோடு பேசப் போன இருவர் மீண்டும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். புதிது என்பதால் செய்யப்படுவது புதுமை தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. பிடி அரிசியோ மூன்றாம் வாரத்தில் சலிக்கும், சலிக்கத்தான் வேண்டும். அப்போதுதான் பாலைநிலத்தில் முறுமுறுத்த மக்களைப் பற்றிய வாசகம் வருகிறது.

ரேஷன் அரிசி போடலாமா? எங்கள் வீட்டில் இரவில் களிதான். தம்பி விடுதியில் தங்கிப் படிக்கிறான்.

அன்று எதைச் சமைக்கிறீர்களோ அதையே போடுங்கள். தாம் ரேஷன் அரிசி உண்டுவிட்டுப் பானைக்குக் கடை அரிசி வாங்க வேண்டாம். தம் தட்டிலிருந்து எடுக்கிறோம் என்பதே அப்போது இல்லாமல் போகும். களி கிண்டுகிற வீட்டில் கேழ்வரகை மாவாக்குவதற்கு முன் தானியமாக ஒரு பிடி எடுத்துத் தனிப் பையில் வையுங்கள், மாவைவிடத் தானியம் கெடாமல் நிற்கும். சாமைக்கும் அப்படியே. விடுதியில் இருப்பவர் அளக்கும் இடத்தில் இல்லை. அவர் மாலைத் தேநீரை விட்டு அந்தக் காசைச் சேர்க்கட்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் மார்ச் மாதம் பொதுத்தேர்வில் இருப்பார்கள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்களை வற்புறுத்தாதீர்கள், வீட்டுப் பானையில் பிடி போடும் வேலையை மட்டும் அவர்களுக்கே விடுங்கள்.

யார் வீட்டில் எவ்வளவு சேர்ந்தது என்று கோயிலில் வாசித்தால் மற்றவர்களுக்கும் ஊக்கமாக இருக்காதா?

இருக்காது. காணிக்கைப் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசித்துப் பழகிய நமக்கு இது இயல்பாகத் தோன்றுகிறது. ஓராண்டு நானே எடைபோட்டுப் பெயரோடு வாசித்தேன். மிகக் குறைவாக வந்த வீட்டார் அடுத்த ஆண்டு பானையே வாங்கவில்லை. அந்த வீட்டில் மூன்று பேருக்கு அளப்பது என் வீட்டில் ஒருவருக்கு அளப்பதைவிடக் குறைவு என்பது பின்புதான் தெரிந்தது. திருநீற்றுப் புதனன்று வாசிக்கும் மத்தேயு 6, வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்கிறது. அதை வாசித்துவிட்டு நாற்பது நாள் கழித்துத் தராசைத் தூக்கி நின்றது நான்.

பானைகளைப் பார்த்தாலே வேறொன்று தெரியும். நாள்தோறும் சேர்ந்த அரிசி ஒரே நிறத்தில் இருக்காது; மாதக் கடைசியில் வாங்கியது, ரேஷனில் வாங்கியது என்று அடுக்கடுக்காக வேறுபடும். கடைசி நாளில் மூட்டையிலிருந்து கொட்டிய பானை மேலிருந்து அடிவரை ஒரே சீராக இருக்கும். பார்த்தால் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பிறவியிலேயே காது கேளாத பிள்ளை இருக்கிறாள். நான்காம் வாரப் பாடத்துக்கு அவளை அழைத்து வரத் தயக்கமாக இருக்கிறது. "யார் செய்த பாவம்" என்று ஊரார் கேட்கிறார்கள்.

அழைத்து வாருங்கள். அந்தக் கேள்வியைச் சீடர்களே கேட்கிறார்கள் (9:2). அடுத்த வசனத்திலேயே இயேசு மறுக்கிறார்: இவர் செய்த பாவமும் அல்ல, இவருடைய பெற்றோர் செய்த பாவமும் அல்ல. பாடம் நடத்துபவர் அந்த வசனத்தை இருமுறை வாசித்துவிட்டே மேலே போக வேண்டும். அதிகாரத்தின் இறுதியில் பார்வையற்றவர் பார்க்கிறார்; பார்க்கிறோம் என்று சொன்னவர்களிடமே பாவம் நிலைத்திருக்கிறது (9:41). மனம் மாற வேண்டியவர் அந்தக் கேள்வியைக் கேட்பவர் என்பதையே அதிகாரம் முழுவதும் காட்டுகிறது.

நோன்பு நாளில் முழுதும் பட்டினி இருக்க வேண்டுமா? தோட்டத்து வேலையும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் என்ன செய்வது?

திருச்சபைச் சட்டப்படி நோன்பு இரண்டே நாள்: திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும். அது 18 வயது நிறைந்தோர்முதல் 59 வயது நிறைந்தோர்வரை உள்ளவர்களுக்கு. ஒருவேளை முழு உணவு, மற்ற வேளைகளில் சிறிதளவு. புலால் தவிர்ப்பு 14 வயது நிறைந்தோருக்கு. நோயுற்றோருக்கு இவை கட்டாயமில்லை. மருந்து உண்பவர் உணவு நேரத்தைத் தள்ளக் கூடாது. அத்தகைய வீட்டில் பிடி அரிசியை மற்றவர்களின் பங்கிலிருந்து எடுங்கள்.

ஆறாம் வாரத்து வாசகம் மிக நீளமாக இருக்கிறதே. எதை எடுத்துப் பேசுவது?

இரண்டு ஆள்களை மட்டும். பேதுரு மனம் நொந்து அழுகிறார் (26:75). அடுத்த சில வரிகளிலேயே யூதாசும் மனம் வருந்தி முப்பது வெள்ளிக் காசைத் திருப்பிக் கொடுக்கிறார் (27:3). தவற்றை ஒப்புக்கொள்வதிலும் ஈடு செய்வதிலும் யூதாசே ஒரு படி முன்னே நிற்கிறார் என்பதைக் குழு முதலில் பார்க்க வேண்டும், பார்த்தால் திடுக்கிடுவார்கள்.

சிலர் இங்கே கிரேக்கச் சொல்லைக் கொண்டுவந்து, யூதாசுக்கு வந்தது வெறும் வருத்தம், மனமாற்றத்துக்குரிய சொல் வேறு என்பார்கள். சொல் வேறுதான். ஆனால் திராட்சைத் தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று தந்தையிடம் சொல்லிவிட்டுப் பிறகு போன மகனுக்கும் (21:29) மத்தேயு அதே சொல்லைத்தான் எழுதுகிறார். ஆகவே சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறுபாடு, வருந்தியபின் யாரிடம் போனார்கள் என்பதில் இருக்கிறது. யூதாசு போனது, அதைப்பற்றி எங்களுக்கென்ன என்று கைவிட்ட தலைமைக் குருக்களிடம். பேதுரு மற்றச் சீடர்களோடு கலிலேயாவின் மலைக்குப் போன பதினொருவரில் ஒருவராக இருக்கிறார் (28:16). இதைப் பேசியபின்பே ஒப்புரவு அருளடையாளத்துக்குப் பங்குத்தந்தை வரும் நாளை அறிவிக்கிறேன். தற்கொலையால் ஆளை இழந்த வீட்டார் இருந்தால், யூதாசின் முடிவைப் பற்றி ஊகித்துப் பேச எவரையும் விடாதீர்கள்.

தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் வந்து சேரலாமா?

தாராளமாக. லெந்து காலம் என்று அவர்கள் சொல்வதும் இதே நாள்களைத்தான். அவர்கள் கையிலுள்ள வேதாகமத்தில் ஆதியாகமம், யாத்திராகமம், சங்கீதம் என்று பெயர்கள் வேறு. அதிகார எண்களும் வசன எண்களும் ஒன்றே. ஒப்புரவு அருளடையாளம் பற்றி அறிவிக்கும்போது மட்டும் அது நம்மவருக்குரிய அறிவிப்பு என்று சொல்லிவிடுங்கள்.

சேர்ந்த அரிசியை என்ன செய்வது?

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில், அப்பமும் இரசமும் கொண்டுவரும் பவனியில் ஏழைகளுக்கான காணிக்கைகளையும் கொண்டுவரலாம் என்று திருப்பலி நூல் சொல்கிறது. எல்லாப் பானைகளையும் கோயில் வாசலில் ஒரே சாக்கில் கொட்டி, யாருடையது எது என்று தெரியாதபடி அந்தச் சாக்கை மட்டும் கொண்டுபோகிறோம். ஆனால் புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் கலந்தால் ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாது. ஆகவே வாங்கும் வீட்டாருக்குச் சோறாக வடிக்கச் சொல்லிக் கொடுக்காமல், கஞ்சிக்கோ இட்லி மாவுக்கோ ஆகும் என்று சொல்லிக் கொடுங்கள். கேழ்வரகையும் சாமையையும் தனித்தனியே வையுங்கள். புனித சனிக்கிழமை காலையில், இருவர் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எந்த வீடு என்பது பங்குத்தந்தைக்கும் அந்த இருவருக்கும் மட்டும் தெரியும். காலிப் பானைகளை அன்றே கழுவி வெயிலில் காயவைத்துக் கோயில் பரணில் கவிழ்த்து வைக்கிறோம்.